துணைக்கால்

அந்த மனிதருக்கு ரூட்டு என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், அவர் வேலை பார்த்த கூரியர் கொட்டகையில் பத்துப் பேராவது கை தூக்குவார்கள். யார் வைத்தால் என்ன, பொருத்தமாக வைத்தார்கள். எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு, எந்த நேரத்தில், எந்தச் சந்தில் புகுந்தால் சிக்னலில் நிற்காமல் போகலாம் என்பதை மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அதைவிடப் பெரிய வித்தை ஒன்று இருந்தது. ஓடும் பட்டையில் வரிசையாக உறைகள் வரும்போது, முகவரியில் ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் நாலடி தூரத்திலிருந்தே கையை நீட்டி எடுத்துவிடுவார். "இது அந்தத் தெரு இல்லப்பா, அதே பேர்ல ஆஸ்பத்திரி பின்னாடி இன்னொண்ணு இருக்கு, அங்க போகணும்" என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எடுத்துப் போட்டது எதுவும் தப்பாக இருந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், ஏனென்றால் அது அதிகம் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஆனால் வீட்டில் இந்த வித்தைக்கு என்ன மதிப்பு? ஒரு பைசா மதிப்பில்லை. வீட்டில் மதிப்பெல்லாம் சகலைக்கு.

சகலை என்றால் ரூட்டின் மனைவிக்குத் தங்கை புருஷன். ரூட்டுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்து சேர்ந்தவன். நேரில் "வாங்க சகல, உக்காருங்க" என்று ரூட்டு மரியாதையாகத்தான் பேசுவார். மனசுக்குள்ளே "வந்துட்டான்யா" என்பார். கதை ரூட்டுடையது என்பதால் நாமும் அவர் மனசுப்படியே அவன் என்று சொல்லிவிட்டுப் போவோம்.

அவன் ஆபீஸ்களுக்கு ஜெராக்ஸ் மெஷின் விற்றுக்கொண்டிருந்தான். ஒரு கட்டடத்தில் நுழைந்தால் வாசல் காவலாளியிலிருந்து மேல்மாடி முதலாளி வரை பெயர் தெரியும், பிள்ளை எந்த வகுப்பு என்பது தெரியும், யாருக்கு முதுகுவலி என்பதுகூடத் தெரியும். சிரித்தான் என்றால் எதிரில் இருப்பவனுக்கும் காரணம் தெரியாமல் சிரிப்பு வந்துவிடும். மாமனார் வீட்டில் அவன் வந்தால் மாமனார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். ரூட்டு வந்தால் "இப்படி உக்காருங்க மாப்ள" என்று கையைக் காட்டுவார். கையைக் காட்டுவதற்கும் நாற்காலியை இழுத்துப் போடுவதற்கும் எவ்வளவு தூரம் என்று பதினான்கு வருஷமாக அளந்துகொண்டே இருந்தவர் ரூட்டு. தன் மனைவி அவன் டீயில் அரைக் கரண்டி சர்க்கரை கூடப் போடுவதைக்கூட அவர் எண்ணி வைத்திருந்தார். கேட்டால் சிரிப்பீர்கள். வயிறு எரிகிறவனுக்கு அதெல்லாம் சிரிக்கிற விஷயமில்லை.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து தொழில் தொடங்கினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? தொடங்கினார்கள். ரூட்டின் கொட்டகையில் முகவரி படிக்கிற கேமரா வந்தது. கேமரா வந்தபின் நாலடி தூரத்தில் பிடிக்கிற மனிதர் எதற்கு? அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே சகலை வந்து உட்கார்ந்தான்.

"உங்களுக்கு ரூட்டு தெரியும், எனக்கு ஆளு தெரியும். சேந்து பண்ணுவோம் சகல. வீட்டு பார்சல் எல்லாம் வேணாம், அதுக்குப் பெரிய கம்பெனிங்க இருக்கு. ஆபீஸுக்கு ஆபீஸ் மட்டும். வக்கீல் ஆபீஸ் பேப்பர், மெஷின் பார்ட்ஸ், லேப் சாம்பிள். காலைல எடுத்தா சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வாங்கிட்டு வந்துடணும். பாதிப் பாதி."

நல்ல யோசனைதான். அவன் வாயிலிருந்து வந்ததுதான் ரூட்டுக்கு உறுத்தியது. அவர் சரி என்றார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அப்போதே மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். ஆளெல்லாம் அவன் பிடிக்கட்டும், பேச்செல்லாம் அவன் பேசட்டும், கம்பெனிப் பெயர் மட்டும் தான் வைத்ததாக இருக்க வேண்டும். பலகையைப் பார்க்கிற மாமனார் "இது பெரிய மாப்ள வெச்ச பேரு" என்று ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்டார் மனிதர்.

ஷட்டர் வைத்த கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். உள்ளே இரும்பு ரேக், ஒரு மேஜை, எடை பார்க்கும் மெஷின், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பேரும் அங்கே கூடினார்கள். ரூட்டு, அவர் மனைவி, சகலை, ரூட்டின் மச்சினி. மச்சினி வக்கீல் ஆபீஸில் தட்டச்சு வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு தடவை படிக்கிற பழக்கம் உள்ளவள்.

முதலில் சகலை பலகையில் மின்னல் என்று எழுதினான். மச்சினி உடனே, "எங்க வக்கீல்கிட்ட கேட்டேன். மின்னல்னு ஏற்கெனவே ஏழெட்டுக் கம்பெனி இருக்காம். வேகம், எக்ஸ்பிரஸ்னு தொழிலையே சொல்ற பேரு வெச்சா, நாளைக்கு எவனாவது அதே பேர்ல கடை போட்டா கேக்கவும் முடியாதாம்" என்றாள். மின்னல் அழிந்தது.

ரூட்டின் மனைவி புயல் என்றாள். "புயல்ல போன சாமான் முழுசா வருமாடி?" என்று தங்கை கேட்க, அதுவும் அழிந்தது. சகலை சிட்டு என்று எழுதினான். இதற்கு ரூட்டே எழுந்து நின்றார்.

"சிட்டாப் பறந்துட்டான்னு நாம யாரைச் சொல்றோம்? எதையாவது தூக்கிட்டு ஓடினவனைத்தானே சொல்றோம்? நம்ம பையன் போய் 'சிட்டுல இருந்து வந்திருக்கேன், செக்கைக் குடுங்க'ன்னா எவன் குடுப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன்கூடச் சிரித்து, "சபாஷ் சகல, அதான் நீங்க வேணும்ங்கறது" என்றான். ரூட்டுக்கு உடம்பு ஒரு அங்குலம் உயர்ந்தது. அம்பு வந்தது, போனால் திரும்பாது, நமக்கோ கையெழுத்துப் போட்ட ரசீது திரும்பி வர வேண்டும் என்று அதையும் அவரே தள்ளினார். நம்பிக்கை வந்தது, சீட்டுக் கம்பெனி மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். நிதானம் என்று யாரோ சொன்னார்கள். டிரைவிங் ஸ்கூலுக்கு ஆகும்.

"பாத்தீங்களா," என்றார் ரூட்டு, இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர். "வேகத்தைச் சொன்னா ஓடிப்போறவன் மாதிரி இருக்கு. நிதானத்தைச் சொன்னா நத்தை மாதிரி இருக்கு. ஆபீஸ்காரனுக்கு வேகம் வேணாம். எத்தனை மணிக்கு வரும்னு சொன்னா அத்தனை மணிக்கு வரணும். அதனால..." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பத்து நாளாக மடித்து வைத்திருந்த காகிதம். "சொன்ன நேரம்."

நல்ல பெயர்தான். இப்போது கேட்டாலும் நல்ல பெயர் என்றுதான் நான் சொல்வேன். மச்சினி தலையாட்டினாள். சகலை காதில் போன் வைத்த மாதிரி கையை வைத்துக்கொண்டு, குரலை மாற்றினான்.

"ஹலோ, சொன்ன நேரமா? சொன்ன நேரத்துக்கு சொன்ன நேரம் வரலையே! எந்த நேரத்துல சொன்ன நேரத்துக்குச் சொன்னோமோ!"

கடை அதிர்ந்தது. ரூட்டின் மனைவி கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகும் அவள் மட்டும் "எந்த நேரத்துல!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் ரூட்டு சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சகல," என்றான் அவன். "ஒரு நாள் டயர் பஞ்சர் ஆகும். அன்னிக்கு நம்ம பேரையே வெச்சு நம்மளை அடிப்பாங்க. பேரு உறுதிமொழியா இருக்கக் கூடாது. ஒரு நல்ல வார்த்தையா இருந்தா போதும்." அப்புறம் பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினான். பத்திரம்.

"பாத்துப் பத்திரமா கொண்டு வந்து சேத்துடுவோம்னு அர்த்தம். வக்கீல் ஆபீஸுக்குப் பத்திரம்னா டாக்குமெண்ட்டுதான். லேப்காரங்களுக்கு, பார்ட்ஸ்காரங்களுக்கு, எல்லாருக்கும் ஆகும். அதுக்குக் கீழ 'இன்றே சேரும்'னு ஒரு வரி போட்டா வேகமும் வந்துடுச்சு."

"ஐயோ, எவ்ளோ நல்லா இருக்கு!" என்றாள் ரூட்டின் மனைவி. முடிந்தது கதை. ரூட்டு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு சகல" என்றார். நாக்கு அதைச் சொல்லிவிட்டது, வயிறு சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தது. பார்சலில் ஒட்டும் லேபிள், ரசீதுப் புத்தகம், பையன்கள் போடும் ஜாக்கெட் முதுகு. எல்லாவற்றிலும் பெயர் ஆங்கில எழுத்தில்தான். ஆபீஸ்களின் கம்ப்யூட்டரில் சப்ளையர் பெயரை ஆங்கில எழுத்தில்தான் ஏற்றுவார்கள், ரசீதும் அப்படியே இருந்தால்தான் பொருந்தும். பி, ஏ, டி, ஹெச், ஐ, ஆர், ஏ, எம்.

ரூட்டு தாளை எடுத்தார். நாலடி தூரம்கூட வேண்டியிருக்கவில்லை. எடுத்த எடுப்பில் கண் போய் அந்த முதல் ஏ-யில் நின்றது.

தமிழில் பத்திரத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு துணைக்கால். ஆங்கில எழுத்தில் அந்தக் கால் கிடையாது. குறிலுக்கும் அதே ஏ, நெடிலுக்கும் அதே ஏ. யோசிக்க நேரமில்லாத வாசல் காவலாளி இதை என்னவென்று படிப்பான்? வீட்டுச் சமையலறையில் தினமும் உருளுகிற சொல்லைத்தான் படிப்பான். பாத்திரம். ஜாக்கெட் முதுகில் பாத்திரம் என்று எழுதிக்கொண்டு பையன்கள் ஊர் முழுக்கச் சுற்றப்போகிறார்கள்.

அதற்கு வைத்தியமும் அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்தது. ஒன்று, தமிழ் எழுத்தைப் பெரிதாகவும் ஆங்கிலத்தைச் சின்னதாகவும் போடலாம். இல்லையென்றால் பெயரையே மாற்றலாம். இன்னும் எதுவும் பதிவாகவில்லை, ஒரு தாள்கூட அச்சாகவில்லை.

"சகல, எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது. உங்க கண்ணு ஒரு தடவை பட்டுட்டா நிம்மதி," என்று சகலை பேனாவை நீட்டினான். தாளின் அடியில் 'சரி பார்த்தேன்' என்று அச்சடித்து ஒரு கோடு இருந்தது. அதில் கையெழுத்து விழுந்தால் அதற்கப்புறம் வருகிற பிழைக்கு அச்சகம் பொறுப்பில்லை.

ரூட்டின் காதில் அந்தச் சிரிப்பு கேட்டது. எந்த நேரத்துல!

கையெழுத்துப் போட்டார். நிறுத்தி நிதானமாக, அழகாகப் போட்டார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். கம்பெனி கவிழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. எங்கேயாவது ஒரு சின்ன வாசலில், ஒரு சின்ன ஆள், சகலை முகத்துக்கு நேரே "பாத்திரமா?" என்று கேட்க வேண்டும். அந்தச் சிரிப்பு முகம் ஒரு தடவை தொங்க வேண்டும். அப்புறம் வீட்டில் எல்லோரும் "அன்னிக்கே சொன்ன நேரம்னு வெச்சிருக்கலாம்" என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். பொறாமைக்காரன் எப்போதும் அளவாகத்தான் ஆசைப்படுவான், அளவு அவன் கையில் நிற்காது என்பதுதான் தொல்லை.

முதல் வாரத்திலேயே ஒன்று நடந்தது. ஒரு பம்பு தொழிற்சாலைக்குப் போக வேண்டிய பெட்டியை, பையன் வராததால் ரூட்டே எடுத்துப் போனார். காவலாளி ஜாக்கெட்டைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார். "பாத்திரமா? கேன்டீனுக்குப் பின்னாடி கேட் இருக்கு. சுத்திப் போங்க" என்றார். ரூட்டுக்கு உள்ளுக்குள் பூரித்தது. விளக்கம் சொல்லிப் பத்து நிமிஷம் கழித்து ஸ்டோர்ஸில் பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். கடையில் சகலை "ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்று கேட்டான். "ஒண்ணும் இல்ல" என்றார். வழி முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த லேப் வந்தது. ஊரில் பதினோரு இடத்தில் ரத்தம் எடுக்கிற கிளைகள், எல்லாம் ஒரு மத்தியப் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஐஸ் வைத்த பெட்டியில். அது கிடைத்தால் ஆறு பையன்களுக்கு வருஷம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் கடை ஷட்டரை எத்தனை மாதம் திறக்க முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சகலை நாயாய் அலைந்து நேரம் வாங்கியிருந்தான். புதன்கிழமை பதினோரு மணி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார் ரூட்டு. சின்ன வாசல், சின்ன ஆள் என்று நினைத்தது இவ்வளவு பெரிய வாசலில் வந்து நிற்கிறதே என்று பயம் வந்துவிட்டது. சொல்லிவிடலாம், இன்னும் ஒரு நாள் இருக்கிறது, கொடுக்கிற தாளிலாவது தமிழில் பெரிதாக அடித்துக்கொண்டு போகலாம். போனை எடுத்தார். சகலை எண்ணைத் தட்டப் போனார். அப்போது பார்த்து மனைவி மோர் கொண்டு வந்து வைத்தாள்.

"நாளைக்கு நீங்க ஒண்ணும் பேச வேணாம். கூடப் போய் உக்காந்திருங்க போதும். அவர் பேசுற பேச்சுல அந்த லேப் மேனேஜரம்மா அப்படியே மயங்கிடுவாங்க பாருங்க. வாயா அது!"

ரூட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். மயங்கட்டும், பார்க்கலாம்.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே இரண்டு பேரும் லேபின் வரவேற்பில் நின்றார்கள். புதுச் சட்டைக்கு மேல் கம்பெனி ஜாக்கெட், கையில் கம்பெனிப் பெயர் போட்ட விசிட்டிங் அட்டை. "பதினோரு மணிக்கு வரச் சொன்னாங்க" என்று சகலை அட்டையை நீட்ட, வரவேற்பில் இருந்த பெண் அதைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினாள், "மூணாவது மாடியில உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள். மூன்றாவது மாடி நடைபாதையில் ஒரு பெஞ்சு. பக்கத்தில் கேன்டீன். பதினோரு மணி ஆனது, பதினொன்றேகால் ஆனது, அரை ஆனது. யாரும் கூப்பிடவில்லை. பதினொன்று முப்பத்தைந்துக்குக் கேன்டீன் கான்ட்ராக்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "கொட்டேஷன் கொண்டு வந்தீங்களா? எவர்சில்வர்தானே?" என்று கேட்டார்.

சகலையின் முகம் தொங்கியது. ரூட்டு ஆசைப்பட்ட அதே தொங்கல். பார்த்ததும் இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை.

ஓடி இறங்கி, சரியான அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். மேனேஜர் அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். மேஜையில் ஒரு காகிதம்கூடக் கோணலாக இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். சகலை நடந்ததைச் சொல்லி, பழைய சிரிப்பைக் கொண்டு வந்து, "பாருங்க மேடம், பத்திரத்தைப் பாத்திரம் ஆக்கிட்டாங்க!" என்றான். அந்த அம்மா சிரிக்கவில்லை. சகலை பேச்சை மாற்றி ஐஸ் பெட்டி, வெப்பநிலை மீட்டர், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து என்று பேச ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான். கடைசியில் ரூட்டின் தோளில் கை வைத்தான்.

"எல்லாத்துக்கும் மேல இவர் இருக்காரு மேடம். இருபத்திரண்டு வருஷம். ஒரு லேபிள்ல ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நாலடி தூரத்துல இருந்தே பிடிச்சிடுவாரு. இவர் கண்ணுக்குத் தப்பினது ஒண்ணு கிடையாது."

அம்மா முதல் தடவையாக ரூட்டின் பக்கம் திரும்பினார். அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"எங்க லேபிள் எல்லாமே இங்கிலீஷ் எழுத்துதாங்க. ஒரே நாள்ல ரெண்டு நோயாளி ஒரே ஸ்பெல்லிங்ல வருவாங்க, ஒருத்தர் பேர் குறில், இன்னொருத்தர் பேர் நெடில். அதைக் கவனிக்கிற ஆள்தான் எனக்கு வேணும். தொடங்கி ஒரு மாசம்ங்கறீங்க, அத்தனை நாளா இந்த அட்டை உங்க பையில இருக்கு. இதை நீங்க கவனிக்கலையா?"

ரூட்டுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கவனிக்கவில்லை என்று சொல்லலாம். ஒரு சொல்தான். சகலை மிச்சத்தைப் பேசிச் சமாளித்துவிடுவான், ஒரு மாதம் சோதனை ஓட்டமாவது வாங்கிவிடுவான். ஆனால் அதைச் சொன்னால் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு எழுத்து அவர் கண்ணுக்குத் தப்பியதாகிவிடும். அதுவும் அவன் எதிரில். கேமராவுக்குத் தோற்ற மனிதர், இதற்கும் தோற்க முடியுமா? உண்மை பேச வேண்டும் என்று அவர் பேசவில்லை. வீம்புதான் பேசியது.

"கவனிச்சேன் மேடம். மாதிரித் தாள் வந்த அன்னிக்கே, பாத்த உடனே தெரிஞ்சுது."

சகலையின் கை ஒரு கணம் தோளிலேயே இருந்தது. பிறகு மெல்ல எடுக்கப்பட்டது.

"அப்புறம் ஏன் சொல்லலை?"

ரூட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது... இவர் வெச்ச பேருங்க."

அந்த அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வீட்டில் அவருக்கும் உறவுக்காரர்கள் இருந்திருப்பார்கள். அட்டையை எடுத்து, கொண்டு வந்த தாள்களின் மேலேயே வைத்து, அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"கவனிக்கத் தெரியாதவங்களுக்கு நான் கத்துக் குடுத்துடுவேன்," என்றார், கோபமே இல்லாமல். "நாளைக்கு வழியில ஐஸ் உருகி ஒரு பெட்டி ரத்தம் கெட்டுப் போகுது. நீங்க பாக்குறீங்க. பெட்டியை மூடினது உங்களுக்குப் பிடிக்காத ஆளு. எனக்கு போன் பண்ணிச் சொல்லுவீங்களா?"

சொல்லுவேன் என்று சொல்ல ரூட்டுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அந்த ஒரு மூச்சிலேயே அம்மா எழுந்துவிட்டார். "வந்ததுக்கு நன்றி" என்றார்.

இரண்டு பேரும் படி இறங்கினார்கள். வரவேற்பைத் தாண்டி, வெயிலைத் தாண்டி, வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தார்கள். ரூட்டு திட்டுக்காகக் காத்திருந்தார். ஒரு கெட்ட வார்த்தையாவது வந்தால், தானும் பதிலுக்குப் பதினான்கு வருஷத்தைக் கொட்டலாம். நாற்காலி, சர்க்கரை, சிரிப்பு, எல்லாவற்றையும். அவன் வண்டிச் சாவியை வைத்துக்கொண்டு நின்றான்.

"திட்டிடுங்க சகல," என்றார் ரூட்டு, தாங்க முடியாமல்.

"உங்க மச்சினி அன்னிக்கே சொன்னா," என்றான் அவன். குரலில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. "அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி அந்தத் தாளைப் பாத்துட்டு, 'ஏங்க, இதைப் பாத்திரம்னு படிச்சிடுவாங்க போல இருக்கே'ன்னா. நான்தான் அவளைச் சத்தம் போட்டேன். 'சகல பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அவர் கண்ணுல படாத தப்பு உன் கண்ணுல பட்டுடுச்சா? பேசாம இரு'ன்னு சொன்னேன். ரெண்டு நாள் அவ என்கூடப் பேசல."

ரூட்டுக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. வெட்கம் வந்தது, துக்கம் வந்தது, எல்லாம் வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது என்ன தெரியுமா? அதே பழைய பொறாமை. ஒரு மனிதனை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப இவனுக்கு முடிந்திருக்கிறதே, தனக்கு ஒரு நாளும் முடியவில்லையே. அந்தக் குணமும் இவனுக்கே போய்விட்டதே. வாய், சிரிப்பு, நாற்காலி எல்லாம் போதாதென்று அதுவுமா!

சகலை வண்டியைக் கிளப்பினான். ஜாக்கெட்டைக் கழற்றிச் சுருட்டி முன்னால் வைத்துக்கொண்டான்.

"எப்படியும் பேரை மாத்தித்தான் ஆகணும். நீங்களே வைங்க சகல. உங்க இஷ்டம், எது வேணா வைங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா தாள் வந்தா, இனிமே நான் சரி பாத்துக்கறேன்."

ரூட்டு தலையாட்டிவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தார்.